இணைய விற்பனையில் வெற்றுப்பெட்டி ரிட்டர்ன்

இணையத்தில் பொருள் வாங்கிய ஒருவர், அதைத் திருப்பி அனுப்புவதாகப் பதிவுசெய்துவிட்டு, பெட்டியைக் காலியாகவோ வேறொரு பொருளை உள்ளே வைத்தோ அனுப்பி, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதே வெற்றுப்பெட்டி ரிட்டர்ன் எனப்படும் மோசடி. பொருளே அனுப்பாமல், "எனக்கு வந்த பெட்டி காலியாக இருந்தது" என்று சொல்லிப் பணம் கேட்பதும் இதன் இன்னொரு வடிவம். பெரிய நிறுவனங்கள் இந்த இழப்பை ஆயிரக்கணக்கான விற்பனைகளில் கரைத்துவிடுகின்றன. வீட்டின் முன்னறையில் பொதி கட்டி அனுப்பும் சிறு விற்பனையாளருக்கு ஒரே ஒரு வெற்றுப்பெட்டி பல நாள் உழைப்பை அழித்துவிடும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி அடிவாரக் கடைகளில் விற்கும் பித்தளை வேல், விளக்கு, பூசைப் பொருள்கள், திண்டுக்கல் பூட்டு, சின்னாளப்பட்டிச் சேலை ஆகியவை இணையம் வழியாக வெளி மாநிலங்களுக்கும் போகக்கூடிய பொருள்கள். கைப்பேசிக்கு இருப்பதுபோல இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனித்த வரிசை எண் கிடையாது. ஆகவே, திரும்பி வந்த வேல் தாம் அனுப்பிய வேல் அல்ல என்பதை விற்பவர் எப்படி நிறுவுவது என்ற கேள்வி இங்கே கூடுதல் கடினமாகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை மையமாகக் கொண்டது.

## இரண்டு வகைத் திரும்பல்கள்

விற்பனையாளரிடம் திரும்பி வரும் பொதிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. முதல் வகை, வாங்குபவர் கைக்கே போகாமல் திரும்புவது. வீடு பூட்டியிருந்தது, முகவரி தவறு, பொருள் வந்ததும் பணம் கொடுப்பதாகச் சொன்னவர் வாங்க மறுத்தார் என்பவை இதில் அடங்கும். விற்பனையாளர்கள் இதை ஆர்.டி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தப் பொதி தாம் ஒட்டிய நாடா அப்படியே இருக்க, திறக்கப்படாமல் வரவேண்டும். திறந்த தடயம் இருந்தால் சந்தேகம் முதலில் வழியில் கையாண்டவர்கள் மேல்தான் விழும்.

இரண்டாம் வகை, வாங்குபவர் பெற்றுக்கொண்டு, திறந்து பார்த்து, பிறகு திருப்பி அனுப்புவது. வெற்றுப்பெட்டி மோசடி பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஆனால் இங்கும் வாங்கியவர்தான் குற்றவாளி என்று உடனே முடிவுகட்ட முடியாது. அவர் வீட்டு வாசலில் கூரியர் ஊழியர் பொதியை வாங்கி ஒரு புதிய உறைக்குள் போடுகிறார். அது உள்ளூர்க் கிளைக்கும், பிறகு பிரிப்பு மையத்துக்கும், அங்கிருந்து விற்பனையாளர் ஊரின் கிளைக்கும் போய்க் கடைசியில் கடை வாசலுக்கு வருகிறது. பொதி குறைந்தது நான்கைந்து முறை கைமாறுகிறது. எந்தக் கையில் பொருள் மாறியது என்பதற்கான விடைதான் இழப்பை யார் ஏற்பது என்பதையும் தீர்மானிக்கிறது.

## பணம் ஏன் முன்னாலேயே போய்விடுகிறது

கடைத்தெருவில் ஒருவர் வாங்கிய பூட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தால், கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணத்தைத் தருவார். இணையத்தில் இந்த வரிசை பல நேரங்களில் தலைகீழாகிறது. கூரியர் ஊழியர் வாசலில் பொதியைப் பெற்றுக்கொண்டதாகக் கைப்பேசியில் பதிந்ததுமே, அல்லது அது முதல் கிளைக்குப் போனதுமே, தளம் வாங்கியவருக்குப் பணத்தை விடுவித்துவிடுவது உண்டு. விற்பனையாளர் பெட்டியைத் திறக்கும்போது அந்த வரவு நடந்து பல நாள் ஆகியிருக்கும்.

இதற்குப் பின்னால் சட்டக் காரணமும் உண்டு. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது என்கின்றன. இந்த விதி தேவையானது. கைப்பேசி கேட்டவருக்குச் சோப்புக்கட்டி வந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஏமாற்றும் விற்பனையாளர்கள் இருப்பதால்தான் தளங்கள் வாங்குபவர் பக்கம் சாய்கின்றன. ஏமாற்றும் வாங்குபவர் அந்தச் சாய்வைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்.

## ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

பழனி அடிவாரத்தில் இருந்து ஒருவர் பீடத்துடன் கூடிய பித்தளை வேலை 1,450 ரூபாய்க்கு இணையத்தில் விற்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க வரிகளை விட்டுவிடலாம். வேலின் கொள்முதல் விலை 950 ரூபாய். பெட்டி, குமிழித் தாள், நாடா எல்லாம் சேர்த்து 40 ரூபாய். தளத்தின் கழிவு 200 ரூபாய். அனுப்பும் கூலி 110 ரூபாய். எல்லாம் போக அவர் கையில் நிற்பது 150 ரூபாய்.

பூனாவில் வாங்கிய ஒருவர், "பொருள் உடைந்து வந்தது" என்று பதிந்து திருப்பி அனுப்புகிறார். பழனியில் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பழைய தகர மணி இருக்கிறது. விற்ற பணம் 1,450 ரூபாய் போய்விட்டது. தளம் தன் கழிவை விட்டுக்கொடுத்தது என்றே கொள்வோம். அப்போதும் வேல் 950, பொதிச் செலவு 40, அனுப்பிய கூலி 110, திரும்பி வந்த கூலி 130 என மொத்தம் 1,230 ரூபாய் இழப்பு. ஒரு வேலுக்கு 150 ரூபாய் இலாபம் என்றால், இந்த ஓட்டையை அடைக்க மேலும் ஒன்பது வேல் விற்கவேண்டும். அந்த ஒன்பதில் ஒன்றுகூடத் திரும்பி வரக் கூடாது.

அதாவது, பத்து விற்பனைக்கு ஒரு வெற்றுப்பெட்டி என்ற அளவு வந்தால் அவருடைய தொழில் ஏறக்குறைய முதலுக்கு மோசமில்லை என்ற நிலைக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் போனால் கைக்காசுதான் கரையும். இலாபம் சிறிதாக இருக்கும் பொருளில்தான் இந்த மோசடி ஆழமாக வெட்டுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

## அனுப்பும்போது எடுக்கும் சான்று

தளத்திடம் இழப்பீடு கேட்கும்போது இரண்டு விஷயங்களை விற்பனையாளர் காட்டவேண்டும். ஒன்று, சரியான பொருள் இந்தப் பொதிக்குள் வைத்து மூடப்பட்டது. இரண்டு, இதே ஆர்டருக்காகத் திரும்பி வந்த பொதியில் அது இல்லை. முதல் பாதி இல்லாமல் இரண்டாவது பாதி மட்டும் இருந்தால், "நீங்களே மணியை அனுப்பியிருக்கலாமே" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

முதல் பாதிக்குரிய சான்று பொதிக் காணொளி. மேசைக்கு மேலே கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி, இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்கவேண்டும். வரிசை இதுதான்: முதலில் ஆர்டர் எண்ணும் கூரியரின் ஏ.டபிள்யூ.பி. எண்ணும் படிக்கும்படி முகவரிச் சீட்டைக் காட்டுவது; பிறகு பொருளை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டுவது; பெட்டியில் வைத்து மூடி நாடா ஒட்டுவது; சீட்டை ஒட்டுவது; கடைசியாக எடைத்தராசில் வைத்து எண் தெரியும்படி காட்டுவது. ஒரு பொதிக்கு இரண்டு நிமிடம் போதும். சீட்டை மூடிய பெட்டியின்மேல் பிறகு தனியாக ஒட்டுவதாக எடுத்தால், காணொளியில் இருக்கும் பெட்டியும் அனுப்பிய பெட்டியும் ஒன்றுதான் என்பது நிறுவப்படாமல் போகும்.

வரிசை எண் இல்லாத பொருளுக்கு விற்பனையாளரே ஓர் அடையாளம் இடவேண்டும். பித்தளைப் பொருளின் பீடத்து அடிப்பக்கத்தில் சிறிய எண் வெட்டலாம். வாங்குபவர் கண்ணுக்கு உறுத்தாது. பூட்டுகளுக்கு வளையத்தைச் சுற்றி, கழற்றினால் கிழிந்துவிடும் எண்ணிட்ட பட்டை போடலாம். சேலையில் நடக்கும் மோசடி வேறு மாதிரி: புதுச் சேலையை வைத்துக்கொண்டு, அதே நிறத்தில் உடுத்திப் பழசான ஒன்றை மடித்து அனுப்புவார்கள். எனவே, முந்தானை ஓரத்தில் எளிதில் கண்ணில் படும் இடத்தில் எண்ணிட்ட அட்டையைப் பிளாஸ்டிக் ஊசியால் கோத்து, "அட்டை கழன்றிருந்தால் திரும்பப் பெற இயலாது" என்று பொருள் விவரத்திலும் அட்டையிலும் எழுதிவைப்பது வழக்கம். பழுதான சேலைக்கு இந்த வாசகம் செல்லாது. மனம் மாறித் திருப்பி அனுப்புவோரிடம் மட்டுமே இது நிற்கும்.

பஞ்சாமிர்தம் போன்ற உணவுப் பொருளில் சிக்கல் இன்னொரு விதமாக வருகிறது. உணவைப் பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை. டப்பா நசுங்கி ஒழுகியதாக ஒரு படத்தை அனுப்பினாலே தளம் பணத்தைத் திருப்பிவிடக்கூடும். பொருள் திரும்பி வராது. அங்கே மூடி முத்திரையும் உறையும் நன்றாக இருந்ததைக் காட்டும் பொதிக் காணொளிதான் ஒரே பிடிமானம்.

## திரும்பிய பொதியைப் பெறும்போது

பெரும்பாலான சிறு விற்பனையாளர்கள் தோற்கும் இடம் இது. கூரியர் ஊழியர் ஒரு சாக்கு நிறையத் திரும்பிய பொதிகளைக் கொண்டுவந்து இறக்குவார். மொத்தத்துக்கும் ஒரே ஒரு ஓ.டி.பி. எண் கேட்பார். அவருக்கும் அடுத்த கடைக்குப் போகும் அவசரம். எண்ணைச் சொல்லிவிட்டால் பட்டியலில் உள்ள எல்லாப் பொதியும் நல்ல நிலையில் வந்துசேர்ந்ததாகப் பதிவாகிவிடலாம்.

ஓ.டி.பி. சொல்லும் முன் செய்யவேண்டியவை மூன்று. பொதிகளை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடவேண்டும். கிழிந்த, மறுபடி ஒட்டிய, கையில் தூக்கும்போதே இலேசாகத் தெரியும் பொதிகளைத் தனியாக வைக்கவேண்டும். அவற்றை வாங்க மறுக்கவோ, சேதம் என்று குறிக்கவோ வழி இருந்தால் அதை அப்போதே பயன்படுத்தவேண்டும். வழி இல்லை என்றால் ஊழியர் முன்னிலையிலேயே அந்தப் பொதிகளைப் படமெடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒவ்வொரு பொதியையும் காணொளி ஓட்டத்திலேயே திறக்கவேண்டும். திறக்காத பொதியின் ஆறு பக்கங்களையும், திரும்பல் சீட்டின் எண்ணையும், தராசில் எடையையும் காட்டிய பிறகே கத்தியை எடுக்கவேண்டும். திறந்த பெட்டியில் தொடங்கும் காணொளி எதையும் நிறுவாது. உள்ளே வேறு பொருள் இருந்தால் அதையும், தம் அடையாள எண் அதில் இல்லாததையும் அருகில் காட்டவேண்டும். பொருள், பெட்டி, வெளியுறை மூன்றையும் வழக்கு முடியும்வரை எறியக் கூடாது.

வெளியுறையும் நாடாவும் கதை சொல்லும். தம் நாடாவுக்கு மேல் வேறு நிற நாடா ஓடியிருந்தால் பெட்டியைத் திறந்து மறுபடி மூடியிருக்கிறார்கள். வாங்குபவர் திறந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும், அதனால் இது மட்டும் போதாது. கூரியர் ஊழியர் வாசலில் போட்ட திரும்பல் உறை வழியில் கிழிபட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தால், மாற்றம் வாங்குபவர் வீட்டுக்குப் பிறகு நடந்திருக்க வாய்ப்பு அதிகம். உறை அப்படியே இருந்து உள்ளே பொருள் மட்டும் வேறாக இருந்தால், வாங்குபவர் பக்கம் சந்தேகம் வலுக்கிறது.

## எடை எவ்வளவு தூரம் உதவும்

எடை நல்ல சான்று, ஆனால் அரைச் சான்றுதான். அனுப்பும்போது 1,320 கிராம் இருந்த பொதி திரும்பும்போது 410 கிராம் என்றால் உள்ளே வேல் இல்லை என்பது தெளிவு. கூரியர் மையங்கள் தாங்களும் பொதிகளை எடைபோடுகின்றன. முதல் மையத்திலேயே 410 கிராம் என்று பதிவாகியிருந்தால், பொருள் அதற்கு முன்பே காணாமல் போயிருக்கிறது. முதல் மையத்தில் 1,320, கடை வாசலில் 410 என்றால் இடைவழியில் போயிருக்கிறது. உரிமைகோரலில் இந்தப் பதிவைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது பயன் தரும். எனினும் வாங்குபவர் வாசலில் வழக்கமாக யாரும் எடைபோடுவதில்லை. ஆகவே, அவர் கைக்கும் முதல் மையத்துக்கும் இடைப்பட்ட பகுதி இருட்டாகவே இருக்கும்.

எடை பொருந்தினாலும் ஏமாற்றம் நடக்கலாம். 2019இல் ஸ்பெயினின் மயோர்கா தீவில் ஓர் இளைஞர், வாங்கிய பொருள்களை எடுத்துக்கொண்டு, பெட்டிகளில் அதே எடைக்கு மண்ணை நிரப்பித் திருப்பி அனுப்பினார். பெட்டிகளைத் தராசு ஏற்றுக்கொண்டது; உடனே யாரும் திறந்து பார்க்கவில்லை. மோசடி மூன்று இலட்சம் யூரோவைத் தாண்டியதாகச் செய்திகள் வெளியாயின. திறந்து பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை என்பதையே இது காட்டுகிறது.

## உரிமைகோரல்

தளங்கள் இழப்பீட்டுக்கென வழிகள் வைத்திருக்கின்றன. அமேசானில் இது SAFE-T என்றும், ஃப்ளிப்கார்ட்டில் SPF என்றும் விற்பனையாளர் பக்கத்தில் தெரியும். விதிகளும் காலக்கெடுவும் தளத்துக்குத் தளம் வேறு. அடிக்கடி மாறவும் செய்கின்றன. பொதுவான உண்மை ஒன்று: பொதி வந்துசேர்ந்ததாகப் பதிவான நாளில் இருந்து கெடு ஓடத் தொடங்குகிறது. வாரக் கடைசியில் சேர்த்துத் திறக்கலாம் என்று மூலையில் அடுக்கிவைப்பவர், தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற கூட்ட நாள்களில் கடையைக் கவனித்துக்கொண்டே கெடுவைத் தவறவிட்டுவிடுவார். வந்த அன்றே திறப்பதுதான் பாதுகாப்பு.

கோரிக்கையில் கோபத்தை எழுதுவதால் பயனில்லை. அதைப் படிப்பவர் ஒரு நாளில் பல கோரிக்கைகளைப் பார்ப்பவர். மேலே சொன்ன வேலுக்கு இவ்வளவு எழுதினால் போதும்: "அனுப்பியது: பித்தளை வேல், பீடத்து அடியில் எண் 117, பொதி எடை 1,320 கிராம். திரும்பி வந்தது: தகர மணி, பொதி எடை 410 கிராம். பொதிக் காணொளியில் 0:35இல் அடையாள எண், 1:50இல் எடை. திறக்கும் காணொளியில் 0:10இல் திரும்பல் சீட்டு, 0:55இல் மணி." காரணப் பட்டியலில் "வேறு பொருள் வந்தது" என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். "சேதம்" என்று தேர்ந்தெடுத்தால் அது வேறு வகைக்குப் போய், குறைந்த தொகையோடு முடிந்துவிடலாம்.

நிராகரிப்புக்குப் பழக்கமான காரணங்கள் சில உண்டு: சீட்டின் எண் மங்கலாக இருந்தது, காணொளி வெட்டி ஒட்டப்பட்டிருந்தது, கெடு முடிந்தது. முதல் இரண்டுக்கு மறுமுறையீட்டில் தெளிவான கோப்பைக் கொடுத்து மீளலாம். மூன்றாவதற்கு மீட்சி அரிது. கோரிக்கை வென்றாலும் முழுத்தொகை கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

## காவல்துறைக்கு எப்போது போவது

இது குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலைத் தண்டிக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் இருந்தது இதுவே. புகாரை உள்ளூர்க் காவல் நிலையத்திலோ cybercrime.gov.in தளத்திலோ கொடுக்கலாம். ஆனால் 1,450 ரூபாய் வேலுக்காகப் பூனாவுக்கு விசாரணை போவதை எதிர்பார்க்க முடியாது. வாங்கியவரின் முழு விவரமும் விற்பனையாளரிடம் இருப்பதில்லை. தளம் அதைக் காவல்துறை கேட்டால்தான் தரும்.

நிலைமை மாறுவது தொகை சேரும்போது. 2017இல் டெல்லியில் கைதான ஓர் இளைஞர், அமேசானில் 166 கைப்பேசிகளுக்கு ஆர்டர் கொடுத்து, பெட்டி காலியாக வந்தது என்று சொல்லிச் சுமார் 50 இலட்சம் ரூபாய் திரும்பப் பெற்றதாகக் காவல்துறை தெரிவித்தது. அதற்காக 141 சிம் கார்டுகளைப் பயன்படுத்தியிருந்தார். ஒவ்வோர் எண்ணும் ஒரு புது வாடிக்கையாளராகத் தெரிந்ததால் தொடர்ச்சி உடனே புலப்படவில்லை. சிறு விற்பனையாளர் தம் கடைக்கு வந்த ஒரு பெட்டியை மட்டுமே பார்க்கிறார். முழுக் கோலமும் தளத்தின் பதிவேட்டில்தான் இருக்கிறது. தம்மளவில் செய்யக்கூடியது, மோசடியாகத் திரும்பிய ஆர்டர்களின் தேதி, பின்கோடு, பொருள், சொன்ன காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவருவது. ஒரே பின்கோடு, ஒரே காரணம் மூன்றாம் முறை வந்தால், மூன்றையும் சேர்த்து ஒரே புகாராகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட எடை கூடியது.

வழக்கு என்று வந்தால் காணொளியின் மூலக்கோப்பு தேவைப்படும். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கொடுக்கவேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பும் அதில் இடம்பெறும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் கோப்பு சுருங்கி வேறொன்றாகிவிடுகிறது. அதனால் எடுத்த கோப்பைப் பெயர் மாற்றாமல், வெட்டாமல், தேதிவாரியாக வன்வட்டில் சேமிப்பது நல்லது. சந்தேகப்படும் வாங்குபவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சமூக ஊடகத்தில் போடுவது ஆபத்தானது. பொருள் வழியில் திருட்டுப்போயிருந்தால் பழி நிரபராதிமேல் விழும்; விற்பனையாளரின் கணக்கும் முடக்கப்படலாம்.

## வரம்புகள்

எல்லா ஏற்பாடும் இருந்தும் சில இழப்புகள் வரும். பொதிக் காணொளி பெட்டி மூடப்படும்வரைக்கும்தான் சாட்சி. திறக்கும் காணொளி பெட்டி கடைக்கு வந்த பிறகுதான் சாட்சி. நடுவில் நடந்ததை இரண்டும் காணா. வாசலிலேயே பெட்டியைத் திறந்து காட்டி ஒப்படைக்கும் முறை சில பொருள்களுக்கு இந்த இடைவெளியைக் குறைக்கிறது. திரும்பப் பெறும்போதும் ஊழியர் வாசலில் திறந்து பார்த்தால் மோசடி வெகுவாகக் கடினமாகும். ஆனால் அந்த முறை எந்தப் பொருளுக்கு என்பதைத் தளமே முடிவுசெய்கிறது.

தம் சொந்தப் பக்கத்தில் அல்லது வாட்ஸ்அப்பில் விற்பவருக்கு ஒரு சாதகம் உண்டு: பொருள் வந்து, திறந்து பார்த்த பிறகே பணத்தைத் திருப்பலாம். கார்டு வழியே பணம் பெற்றிருந்தால் மட்டும், வாங்குபவர் வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திருப்பிக் கேட்க முடியும். அப்போதும் வங்கி கேட்பது அதே இரண்டு காணொளிகளைப் போன்ற சான்றைத்தான், கெடுவும் குறுகியதுதான். ஆகவே எங்கே விற்றாலும், விலை கூடிய பொருள்களுக்காவது இந்தப் பதிவை விடாமல் செய்து, மீதி இழப்பை விலையிலேயே சிறிதளவு சேர்த்துக் கணக்கிடுவதுதான் அனுபவமுள்ள விற்பனையாளர்கள் கைக்கொள்ளும் வழி.